அட்ரீனல் கட்டியில் லேசாகக் கூடுதல் கார்டிசால்: இதயம், எலும்பு, அறுவை சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறு எதற்கோ சிடி ஸ்கேன் எடுத்தார்கள், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் 3 செ.மீ. கட்டி என்று வந்திருக்கிறது. புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லோடு நிற்க வேண்டியதில்லை, உங்கள் ஸ்கேன் அறிக்கையிலேயே இதற்கு நேரடியான விடை இருக்கும். மருந்து ஏற்றாமல் எடுத்த சிடியில் கட்டியின் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற அலகில் அளந்திருப்பார்கள். அது 10 அல்லது அதற்கும் கீழே இருந்து, கட்டி முழுக்க ஒரே சீராகத் தெரிந்தால், அது கொழுப்புச் சத்து நிறைந்த சாதாரண அடினோமா, அதாவது புற்றுநோய் அல்லாத கட்டி. அளவு எதுவானாலும் புற்றுநோய்ப் பயத்துக்காக மறுபடி மறுபடி ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. அறிக்கையில் அந்த எண் இல்லையென்றால் ஸ்கேன் பார்த்த மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள், படம் கையில் இருக்கும்போது அளப்பது சில நிமிட வேலை. அடர்த்தி 20-க்கு மேல் போய், கட்டியும் 4 செ.மீ.யைத் தாண்டியிருந்தால், அல்லது உள்ளே திட்டுத் திட்டாக இருந்தால், அது வேறு பாதை. அதை இங்கே பேசப் போவதில்லை.

புற்றுநோய் இல்லை என்று தெரிந்ததும் பலர் நிம்மதியாக ஃபைலை மூடிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. கட்டி சாதுவாக இருக்கலாம், ஆனால் அது கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைச் சுரக்கிறதா என்பது தனிக் கேள்வி. இப்படித் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படும் கட்டிகளில் ஐந்தில் ஒன்று முதல் பாதி வரை, ஓரளவுக்குத் தன்னிச்சையாகக் கார்டிசால் சுரப்பவை.

எனக்கு முகம் உப்பவில்லை, வயிற்றில் சிவப்புக் கோடுகள் இல்லை. அப்புறம் எப்படி கார்டிசால் அதிகம் என்கிறார்கள்?

நீங்கள் சொல்வது, கார்டிசால் மிக அதிகமாகும்போது வரும் குஷிங் நோய்க்குறியின் முழு வடிவம். இது அந்த அளவுக்கு வராத லேசான சுரப்பு. சாதாரணமாக, தலையில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்பினால்தான் அட்ரீனல் கார்டிசாலைச் சுரக்கும். விடிகாலையில் ஏறி, நள்ளிரவில் கிட்டத்தட்ட அடிமட்டத்துக்கு இறங்கும். கட்டி அந்தக் கட்டளைக்குக் காத்திருப்பதில்லை. ஒரு நாளைக்குச் சுரக்கும் மொத்த அளவைப் பார்த்தால் கொஞ்சம்தான் கூடியிருக்கும், அதனால்தான் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை பலருக்கும் நார்மலாகவே வருகிறது. ஆனால் ரத்த நாளங்களும் எலும்பும் கல்லீரலும் கார்டிசால் இல்லாமல் ஓய்வெடுக்க வேண்டிய இரவு நேரத்தில் அந்த ஓய்வு சரியாகக் கிடைப்பதில்லை. ஒரு மாதத்தில் இது ஒன்றும் செய்யாது. பத்து, பதினைந்து வருடத்தில் செய்யும்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இது நாளடைவில் முழு குஷிங் ஆக மாறுவது மிக அரிது, நூறில் ஒருவருக்கும் குறைவு. கவலைப்பட வேண்டியது அதைப் பற்றி அல்ல, இப்போது இருக்கும் அளவே வருடக்கணக்கில் என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான்.

இரவு ஒரு மாத்திரை போட்டுக் காலையில் ரத்தம் கொடுத்தேன், 2.6 வந்தது. இந்த ஒரு டெஸ்டை நம்பலாமா?

ஒரு தடவை வந்த எண்ணை வைத்து யாரும் கத்தியை எடுக்கக் கூடாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டெக்ஸாமெத்தசோன் என்பது செயற்கை ஸ்டீராய்டு. இரவு 11 மணிக்கு 1 மி.கி. விழுங்கினால் பிட்யூட்டரி "போதும்" என்று நினைத்து ஏசிடிஎச்சை நிறுத்தும், ஆரோக்கியமான அட்ரீனலும் அடங்கிவிடும். மறுநாள் காலை 8 முதல் 9 மணிக்குள் எடுக்கும் ரத்தத்தில் கார்டிசால் ஒரு டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு அலகில் சொன்னால் லிட்டருக்கு 50 நானோமோல். உங்கள் அறிக்கை எந்த அலகில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள், ஒன்றை மற்றொன்றாகப் படித்துப் பதறியவர்கள் உண்டு.

இந்த டெஸ்ட் பொய் சொல்லும் வழிகள் பல. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுத்தால், கார்டிசாலைச் சுமந்து செல்லும் புரதம் ரத்தத்தில் கூடி, கார்டிசால் அளவும் கூடியதாகக் காட்டும். அந்த மாத்திரையை ஆறு வாரம் நிறுத்திவிட்டுத்தான் டெஸ்ட் செய்ய வேண்டும், அதுவும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு. வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போன்றவை டெக்ஸாமெத்தசோனை அவசரமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். மாத்திரை போட்டும் போடாத மாதிரிதான். இவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எடுக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். இரவு வேலை பார்ப்பவர்கள், அன்றைக்குத் தூங்காதவர்கள், காய்ச்சலில் இருந்தவர்கள், கடுமையான மனச்சோர்வில் இருப்பவர்கள், தினமும் குடிப்பவர்கள், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள், இவர்களுக்கெல்லாம் கட்டி சுரக்காமலேயே எண் ஏறலாம். மாத்திரையை மறந்தே போனவர்களும் இருக்கிறார்கள். அதனால் அதே ரத்தத்தில் டெக்ஸாமெத்தசோன் அளவையும் பார்க்க முடிந்தால் பாருங்கள், சந்தேகத்தில் பாதி அங்கேயே தீரும்.

இரண்டாம் தடவையும் 1.8-க்கு மேல் என்றால் அடுத்துக் காலை நேர ஏசிடிஎச். கட்டி தானாகச் சுரக்கிறது என்றால் பிட்யூட்டரி அடங்கிப்போய் இருக்கும், ஏசிடிஎச் ஒரு மில்லிலிட்டருக்கு 10 பிகோகிராமுக்கும் கீழே இறங்கியிருக்கும். ஏசிடிஎச் தூண்டினால் அட்ரீனல் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான டிஎச்இஏ சல்ஃபேட்டும் வயதுக்கு ஏற்ற அளவைவிடக் குறைந்திருந்தால் கதை ஒத்துப்போகிறது. டெக்ஸாமெத்தசோன் எண் கூடுதல், ஆனால் ஏசிடிஎச் 25 என்று வந்தால் நான் கட்டியைச் சந்தேகப்படுவதற்கு முன் டெஸ்டைச் சந்தேகப்படுவேன். மூட்டில் போட்ட ஸ்டீராய்டு ஊசி, ஆஸ்துமா இன்ஹேலர், தோல் களிம்பு ஆகியவையும் ஏசிடிஎச்சை அடக்கும் என்பதால் அவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

1.8-ஐத் தாண்டினாலே நோய் என்று அர்த்தமா? 2.0-வும் 4.8-உம் ஒன்றுதானா?

ஒன்றல்ல. முன்பு 1.8 முதல் 5 வரை "இருக்கலாம்", 5-க்கு மேல் "இருக்கிறது" என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 2023-இல் ஐரோப்பிய எண்டோகிரைனாலஜி சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல் அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, 1.8-க்கு மேல் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்தது. காரணம் நியாயமானது. ஆபத்து ஒரு குறிப்பிட்ட எண்ணில் திடீரென்று தொடங்குவதில்லை, எண் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. ஆகவே 2.0 என்பது லேசான சந்தேகம், 4.8 என்பது கிட்டத்தட்ட உறுதி. ஆனாலும் முடிவை எடுத்துத் தருவது இந்த எண் அல்ல, இந்தக் கார்டிசால் உங்கள் உடம்பில் ஏற்கெனவே என்ன செய்திருக்கிறது என்பதுதான்.

இதயத்தை இது எப்படிப் பாதிக்கிறது? எனக்கு மார்பு வலி எதுவும் இல்லையே.

மார்பு வலியாக வருவது கடைசியில். அதற்கு முன்னால் வருவது இரவில் இறங்காத ரத்த அழுத்தம். சாதாரணமாகத் தூக்கத்தில் அழுத்தம் பத்து முதல் இருபது சதவீதம் குறையும். கார்டிசால் இரவிலும் இருக்கும்போது நாளங்கள் இறுகியே இருக்கும், அந்த இறக்கம் காணாமல் போகும். பகலில் கிளினிக்கில் 138/86 என்று பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று சொல்லி அனுப்புவார்கள், 24 மணி நேரம் அளக்கும் கருவியைக் கையில் மாட்டினால் இரவு மூன்று மணிக்கும் அதே 135 நின்றுகொண்டிருக்கும். இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

அதோடு வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வது, இன்சுலின் வேலை செய்யாமல் போவது, சர்க்கரை ஏறுவது எல்லாம் சேர்ந்து நடக்கும். இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கும், தமனிகள் விறைக்கும். பல நாட்டு மையங்கள் சேர்ந்து 3656 பேரைப் பின்தொடர்ந்து 2022-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கார்டிசால் சுரக்கும் கட்டி உள்ளவர்களின் இறப்பு விகிதம், சுரக்காத கட்டி உள்ளவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. 65 வயதுக்கு உட்பட்ட பெண்களிடம் அந்த வித்தியாசம் இன்னும் பெரிதாக இருந்தது. நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களிடம் "வயசுக்கு இது சகஜம்" என்று சொல்லிப் பிரஷர் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல.

டெக்ஸா ஸ்கேனில் எலும்பு அடர்த்தி சுமார்தான், ஆனால் ஆஸ்டியோபோரோசிஸ் இல்லை என்றார்கள். அப்போ எலும்பு சரிதானே?

அந்த ஒரு ஸ்கேனை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கார்டிசால் எலும்பில் செய்யும் கெடுதல் அடர்த்தி எண்ணில் முழுதாகத் தெரியாது. எலும்பைக் கட்டும் செல்களை அது மந்தமாக்குகிறது, சீக்கிரம் சாகவும் வைக்கிறது. குடலில் கால்சியம் உறிஞ்சுவது குறைகிறது, சிறுநீரில் போவது கூடுகிறது. முதலில் அடிபடுவது எலும்பின் உள்ளே இருக்கும் வலைப்பின்னல் பகுதி. முதுகெலும்பில் அதுதான் அதிகம், அதனால் அங்கேதான் முதலில் நசுங்கும். வெளியே இருக்கும் கெட்டியான ஓடு ஓரளவு நன்றாக இருப்பதால் டெக்ஸா எண்ணும் ஓரளவு நன்றாகவே வரும், முறிவும் கூடவே இருக்கும்.

இந்த முறிவுகள் பெரும்பாலும் வலிப்பதில்லை. கீழே விழுந்த ஞாபகமும் இருக்காது. உயரம் இரண்டு மூன்று செ.மீ. குறைந்திருக்கும், அதை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். நல்ல செய்தி என்னவென்றால் இதைக் கண்டுபிடிக்கப் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். கட்டியைக் காட்டிக்கொடுத்த அதே சிடியில் உங்கள் முதுகெலும்பும் இருக்கிறது. அதைப் பக்கவாட்டுக் கோணத்தில் திருப்பி, ஒவ்வோர் எலும்பின் முன்பக்க உயரத்தையும் பின்பக்க உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுக்காக எடுத்த ஸ்கேன் என்பதால் அறிக்கை எழுதுபவர் முதுகெலும்பைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, யாருக்கு ஆபரேஷன், யாருக்கு வேண்டாம்? எனக்கு நேரடியாகச் சொல்லுங்கள்.

எண்களை மட்டும் வைத்துப் பேசினால் புரியாது, இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் விளக்கத்துக்காக நான் உருவாக்கியவர்கள், ஆனால் இப்படிப்பட்டவர்கள்தான் நிஜத்திலும் வருவார்கள்.

முதலாமவர் 54 வயதுப் பெண். இடது பக்கம் 2.8 செ.மீ. கட்டி, அடர்த்தி 6. டெக்ஸாமெத்தசோன் டெஸ்டில் முதல் தடவை 3.4, இரண்டு மாதம் கழித்து 3.1, அந்த ரத்தத்தில் டெக்ஸாமெத்தசோன் அளவும் சரியாக இருந்தது. ஏசிடிஎச் 5. ஆறு வருடம் முன்பு ஒரே ஒரு பிரஷர் மாத்திரை, இப்போது மூன்று, அப்படியும் வீட்டில் 146/90. மெட்ஃபார்மின் எடுத்தும் எச்பிஏ1சி 7.4. டெக்ஸாவில் டி-ஸ்கோர் மைனஸ் 1.8, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ் இல்லை. ஆனால் பழைய சிடியைத் திருப்பிப் பார்த்ததில் பன்னிரண்டாம் மார்பு முதுகெலும்பு முன்பக்கம் கால்வாசி நசுங்கியிருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது.

இவருக்கு எடுத்துவிடலாம் என்றுதான் நான் சொல்வேன். கட்டி ஒரு பக்கம் மட்டும், சுரப்பு இரண்டு முறை உறுதியாகியிருக்கிறது, வயது குறைவு என்பதால் முன்னால் இன்னும் நிறைய வருடங்கள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதிப்புகள் வேகமாக மோசமாகிக்கொண்டு வந்திருக்கின்றன. அந்த நசுங்கிய எலும்பு மட்டும் கண்ணில் படாமல் போயிருந்தால் "இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போயிருக்கும்.

இரண்டாமவர் 76 வயது ஆண். 2 செ.மீ. கட்டி, அடர்த்தி 4. டெஸ்டில் 2.1, ஏசிடிஎச் 11. இருபது வருடமாக ஒரே பிரஷர் மாத்திரை, அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. சர்க்கரை இல்லை, முதுகெலும்பு முழுதாக இருக்கிறது. இவருக்குக் கட்டியை எடுத்து என்ன கிடைக்கப்போகிறது? அந்த ரத்த அழுத்தம் கட்டியால் வந்தது என்று சொல்ல ஆதாரமே இல்லை. அப்படியே விட்டுவிடலாம்.

கஷ்டம் இவர்கள் இருவருக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான். பிரஷரும் சர்க்கரையும் கட்டி இல்லாதவர்களுக்கும் வருகின்றன, குடும்பத்தில் எல்லோருக்கும் இருந்தால் கட்டியைக் குற்றம் சொல்வது சிரமம். அப்போது நான் கேட்கும் கேள்விகள்: வயதுக்கு மீறிச் சீக்கிரம் வந்ததா, மருந்து கூட்டக் கூட்ட அடங்காமல் போகிறதா, காரணம் சொல்ல முடியாத முறிவு இருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்று பதில் வர வர அறுவைப் பக்கம் தராசு சாயும்.

எடுத்துவிட்டால் பிரஷரும் சுகரும் போய்விடுமா?

போய்விடும் என்று எந்த மருத்துவராவது வாக்குக் கொடுத்தால் இன்னொருவரிடம் கேளுங்கள். பலருக்கு ரத்த அழுத்தம் குறைகிறது, மாத்திரைகளின் எண்ணிக்கை குறைகிறது, சிலருக்கு முழுதாக நிற்கிறது. பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி மருத்துவமனைகள் சேர்ந்து, ரத்த அழுத்தம் உள்ள ஐம்பது சொச்சம் பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2025-இல் வந்தது. கட்டியை எடுத்தவர்கள் குறைவான மருந்திலேயே அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க முடிந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் குலுக்கல் முறை என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். சர்க்கரையிலும் முன்னேற்றம் உண்டு, ஆனால் அந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. எடையும் கொலஸ்ட்ராலும் குறையும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். எலும்பில், ஏற்கெனவே நசுங்கியது நிமிராது, புதிதாக நசுங்குவது குறையும். மாரடைப்பையும் மரணத்தையும் அறுவை தடுக்கிறதா என்பதற்குப் பெரிய குலுக்கல் ஆய்வு எதுவும் இன்னும் இல்லை.

ஆபரேஷன் சின்னதுதான், இரண்டு நாளில் வீட்டுக்கு என்கிறார்கள். பிறகு ஏன் ஸ்டீராய்டு மாத்திரை?

அறுவை பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி வழியாகத்தான், அனுபவமுள்ள கை என்றால் சிக்கல் குறைவு. இந்த அறுவையை வருடத்துக்கு எத்தனை செய்கிறார் என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. அதற்கு முன் இரண்டு விஷயம் தெளிவாக வேண்டும். பிரஷர் இருப்பவர்களுக்கு அதே கட்டி, அழுத்தத்தை ஏற்றும் இன்னொரு ஹார்மோனான ஆல்டோஸ்டீரோனும் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டியின் அடர்த்தி 10-க்கு மேல் என்றால் அது அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா வகைக் கட்டி இல்லை என்று மெட்டாநெஃப்ரின் டெஸ்டில் உறுதி செய்ய வேண்டும், இல்லையென்றால் மயக்க மருந்தின்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறலாம்.

ஸ்டீராய்டு விஷயத்துக்கு வருவோம். வருடக்கணக்கில் ஒரு பக்கக் கட்டி கூடுதலாகச் சுரந்ததால் பிட்யூட்டரி ஏசிடிஎச் அனுப்புவதைக் குறைத்துவிட்டது, ஆரோக்கியமான மறுபக்க அட்ரீனல் வேலையில்லாமல் சுருங்கிப்போனது. கட்டியை எடுத்த மறுநிமிடம் உடம்பில் போதிய கார்டிசால் இல்லை. லேசான சுரப்பு உள்ளவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி ஆகிறது. அதனால்தான் அறுவையின்போதே ஹைட்ரோகார்டிசோன் ஊசி ஏற்றி, பிறகு மாத்திரையாக மாற்றுகிறார்கள். வழக்கமாக நாளுக்கு 15 முதல் 20 மி.கி., காலையில் அதிகம், மதியம் கொஞ்சம். மறுபக்கம் விழித்துக்கொள்ளச் சராசரியாக ஆறு மாதத்துக்கு மேல் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும்.

இந்தக் காலத்தில் உடல் வலி, மூட்டு வலி, குமட்டல், எழுந்திருக்கவே முடியாத களைப்பு எல்லாம் வரும். "ஆபரேஷனுக்கு முன்னால் நன்றாகத்தானே இருந்தேன்" என்று தோன்றும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்வார்கள், சொல்லாமல் விட்டால் அறுவை தோற்றுவிட்டது என்று நினைத்து உடைந்துபோவார்கள். காய்ச்சல் வந்தால் அளவை இரண்டு மடங்காக்க வேண்டும். வாந்தி நிற்காமல், மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றால் உடனே ஊசி, தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டில் இருப்பதாக எழுதிய அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஹைட்ரோகார்டிசோன் எடுத்து ஒரு நாள் இடைவெளி விட்டுக் காலையில் எடுத்த ரத்தத்தில் கார்டிசால் 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் நிறுத்தலாம், 5-க்குக் கீழே என்றால் தொடர வேண்டும், நடுவில் என்றால் தொடர்ந்தபடியே சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எனக்கு இரண்டு பக்கமும் கட்டி. இரண்டையும் எடுக்க வேண்டுமா?

லேசான சுரப்புக்காக இரண்டையும் எடுப்பது சரியல்ல. வாழ்நாள் முழுக்க மாத்திரையை நம்பி இருக்க வேண்டியிருக்கும், அது இருந்த நோயைவிடப் பெரிய சுமை. பாதிப்பு அதிகம் என்றால் பெரிய கட்டி உள்ள பக்கத்தை மட்டும் எடுப்பது பற்றிப் பேசலாம். இதை ஒரே ஒரு மருத்துவரின் கருத்தில் முடிவு செய்யாதீர்கள்.

ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்தால் அப்படியே விட்டுவிடலாமா?

கட்டியை விடலாம், உங்களை விடக் கூடாது. வருடம் ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், எடை, உயரம் பார்க்க வேண்டும். உயரம் குறைந்தாலோ முதுகு வலித்தாலோ முதுகெலும்புப் படம். முறிவு ஏற்கெனவே இருந்தால் பிஸ்பாஸ்போனேட் போன்ற எலும்பு மருந்தைத் தொடங்க வேண்டும், அறுவை செய்யவில்லை என்பதற்காக எலும்பைக் கவனிக்காமல் இருக்க முடியாது. பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் கண்டிப்பாகவே கட்டுக்குள் வையுங்கள். மாலையில் கார்டிசால் உற்பத்தியைத் தடுக்கும் மெட்டிரபோன் மாத்திரையைக் கொடுத்து இரவுக் கார்டிசாலை இறக்கிப் பார்த்த சிறிய ஆய்வுகள் உண்டு, ஆனால் அது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

அடர்த்தி 10-க்குள் இருந்த சீரான கட்டி என்றால் ஸ்கேனைத் திரும்ப எடுக்க வேண்டாம், ஹார்மோன் டெஸ்டையும் வருடா வருடம் செய்ய வேண்டாம். ஆனால் இதுவரை ஒரே மாத்திரையில் அடங்கியிருந்த அழுத்தம் அடங்காமல் போனாலோ, புதிதாகச் சர்க்கரை வந்தாலோ, ஓர் எலும்பு நசுங்கினாலோ, டெக்ஸாமெத்தசோன் டெஸ்டை மறுபடி செய்து அறுவை பற்றிய பேச்சையும் புதிதாகத் தொடங்க வேண்டும். போன வருடம் "வேண்டாம்" என்று சொன்னது போன வருடத்து நிலைமைக்குச் சொன்னது.